மணி அடித்தால் மட்டும் புத்தகம் திருந்தாது

என் அத்தை செமினி வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. அவரது கைப்பேசியில் மூன்று நினைவூட்டல்கள் உண்டு. மாலை 5 மணிக்கு ‘நாளைய பாடத்திட்டம்’. இரவு 8.30க்கு ‘புத்தகம் திருத்து’. வெள்ளிக்கிழமை மதியம் ‘வகுப்புப் பதிவு’. மூன்றும் தவறாமல் அடிக்கும். அவரும் தவறாமல் அணைத்துவிடுவார். திருத்த வேண்டிய கட்டுரைப் புத்தகங்களோ காரின் பின் இருக்கையில் பள்ளிக்கும் வீட்டுக்குமாகப் பயணம் செய்துகொண்டிருக்கும்.

ஒருநாள் கேட்டே விட்டேன். “திருத்தாம இருக்குன்னு எனக்குத் தெரியாதாடா? மணி அடிச்சாத்தான் ஞாபகம் வருமா? நேரம் எங்க இருக்கு, அதைச் சொல்லு” என்றார்.

அந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. நினைவூட்டல் என்பது மறதிக்கு மருந்து. ஆசிரியர்களின் சிக்கல் பெரும்பாலும் மறதி அல்ல, கணக்கு. கணக்குப் பார்க்காமல் வைக்கும் நினைவூட்டல், ஒரு நாளைக்கு மூன்று முறை குற்ற உணர்ச்சியைத் தட்டி எழுப்புவதைத் தவிர வேறொன்றும் செய்யாது என்பது என் கருத்து.

அன்றிரவு நானும் அத்தையும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் மூன்று வகுப்புகளுக்குத் தமிழ்மொழி கற்பிக்கிறார். மாணவர்கள் 28, 26, 30 பேர். மொத்தம் 84. ஒவ்வொரு வாரமும் மூன்று வகுப்புக்கும் ஒரு கட்டுரை கொடுத்து வந்தார். ஒரு கட்டுரையை ஒழுங்காகப் படித்துத் திருத்த 6 நிமிடம் ஆகிறது. அப்படியென்றால் வாரத்துக்கு 504 நிமிடம், அதாவது ஏறக்குறைய எட்டரை மணி நேரம்.

கையில் உள்ள நேரம் எவ்வளவு? அவருக்கு வாரத்தில் 50 பாடவேளை. ஒவ்வொன்றும் 30 நிமிடம். கற்பிப்பது 28. மீதி 22. அதில் விடுப்பில் உள்ள ஆசிரியரின் வகுப்பைப் பார்ப்பது, கூட்டம், போட்டிப் பயிற்சி என்று 10 போய்விடும். எஞ்சுவது 12. வகுப்பிலிருந்து ஆசிரியர் அறைக்கு நடந்து, புத்தகத்தை எடுத்து வைத்து உட்காரும் நேரத்தைக் கழித்தால், ஒரு பாடவேளையில் உண்மையாகக் கிடைப்பது 20 நிமிடம். அதில் மூன்று கட்டுரை திருத்தலாம். 12 பாடவேளைக்கு 36 கட்டுரை.

வாரத்துக்கு 84 வருகிறது, 36 போகிறது. மீதி 48 தேங்குகிறது. மூன்றே வாரத்தில் 144 புத்தகம். தண்ணீர் நிரம்பி வழியும் தொட்டிக்குப் பக்கத்தில் மணி கட்டி வைத்து என்ன பயன்? குழாயை அல்லவா குறைக்க வேண்டும்.

அத்தை குழாயைக் குறைத்தார். இப்போது வாரத்துக்கு ஒரு வகுப்புக்கு மட்டும்தான் முழுக் கட்டுரை. மற்ற இரண்டு வகுப்புகளுக்கும் அந்த வாரம் ஒரு பத்தி எழுதும் பயிற்சி. மாணவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே வரிசை வரிசையாக நடந்து, பார்த்து, ஒரே ஒரு பிழையைச் சுட்டிக்காட்டி முடித்துவிடுகிறார். பெரிய வகுப்பில் 30 கட்டுரை. ஒரு பாடவேளைக்கு மூன்று வீதம் 10 பாடவேளையில் முடிகிறது. மீதமுள்ள இரண்டு பாடவேளை பழைய பாக்கிக்கு.

பழைய பாக்கியையும் அவர் முழுதாகத் திருத்தவில்லை. ஒரு மாதத்துக்கு முன் எழுதிய கட்டுரையில் சிவப்பு மையைக் கொட்டினால் எந்த மாணவன் திரும்பப் படிப்பான்? ஒவ்வொருவரின் கடைசிக் கட்டுரையை மட்டும் எடுத்து, அடிக்கடி வரும் ஒரு பிழையைத் தேடினார். அதை வகுப்பில் எல்லாருக்கும் பொதுவாக விளக்கினார். மற்றவை திருத்தப்படவில்லை என்பதை மாணவர்களிடமே ஒளிவுமறைவின்றிச் சொன்னார்.

நினைவூட்டலின் வாசகமும் மாறியது. ‘புத்தகம் திருத்து’ என்பதற்கு முடிவே இல்லை. எத்தனை திருத்தினாலும் மிச்சம் இருக்கும். இப்போது செவ்வாய்க்கிழமை காலை 9.40க்கு, அவருக்கு ஓய்வுப் பாடவேளை தொடங்கும் நேரத்தில், ‘நான்காம் ஆண்டு, 7, 8, 9’ என்று வருகிறது. அவை பெயர்ப்பட்டியலில் உள்ள மாணவர்களின் எண்கள். மூன்று புத்தகம் முடிந்தால் அன்றைய வேலை முடிந்தது. வேலை செய்ய முடிகிற நேரத்தில், செய்து முடிக்கக்கூடிய அளவில் வருவதுதான் நினைவூட்டல்.

அடுத்தது பாடத்திட்டம். மாலை 5 மணி என்பது அதற்கு மோசமான நேரம். காலை வகுப்பில் நடந்தது பாதி மறந்திருக்கும். காஜாங் சாலை நெரிசலில் சிக்கி வந்த களைப்பு வேறு. அந்த நேரத்தில் கை தானாகப் போன ஆண்டின் கோப்பைத் திறந்து, தேதியை மாற்றிவிடும்.

நாள் பாடத்திட்டத்தின் கடைசியில் ‘சிந்தனை மீட்சி’ என்று ஒரு பகுதி இருக்கிறது. எத்தனை மாணவர்கள் பாட நோக்கத்தை அடைந்தனர் என்று அதில் எழுத வேண்டும். என்னைக் கேட்டால், நாளைய பாடத்திட்டம் தொடங்க வேண்டிய இடமே அதுதான். இன்று 28 பேரில் 24 பேருக்குப் புரிந்தது, நால்வருக்குப் புரியவில்லை என்றால், நாளைய பாடத்தின் முதல் ஐந்து நிமிடம் அந்த நால்வருக்கானது. இதை எழுத இரண்டு நிமிடம் போதும். ஆனால் வகுப்பு முடிந்த கையோடு எழுத வேண்டும். அத்தை தம் நினைவூட்டலை மாலையிலிருந்து எடுத்து, ஒவ்வொரு நாளும் கடைசித் தமிழ்ப் பாடவேளை முடியும் நேரத்துக்கு மாற்றினார். அது கேட்பது ஒன்றைத்தான்: ‘யாருக்குப் புரியவில்லை? பெயர்?’

இந்தப் பகுதி உண்மையாக எழுதப்படுகிறதா என்பதைக் கண்டுபிடிப்பது சுலபம். திங்கள் 28/28, செவ்வாய் 28/28, புதன் 28/28 என்று இருந்தால், அது மாணவர்களைப் பார்த்து எழுதியது அல்ல.

மூன்றாவது, வாரப் பதிவு. இதில்தான் ஆபத்து அதிகம். பதிவேட்டில் கட்டங்கள் நிரம்பியிருக்கின்றனவா என்றுதான் நாம் பார்க்கிறோம். யாருடைய கட்டத்துக்கு ஆதாரமே இல்லை என்று பார்ப்பதில்லை.

வெள்ளிக்கிழமை 15 நிமிடம் ஒதுக்கி, அத்தை பெயர்ப்பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரே கேள்வி: ‘இந்த இரண்டு வாரத்தில் இவரைப் பற்றி எனக்குப் புதிதாக என்ன தெரிந்தது?’ பதில் இல்லாத பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. முதல் வாரமே ஐந்து புள்ளி விழுந்தது. அதில் ஒருவன் நான்காம் ஆண்டு மாணவன். சேட்டை செய்யமாட்டான், கையையும் தூக்கமாட்டான். அவனுடைய புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தபோது, ‘பள்ளிக்குச் சென்றேன்’ என்று எழுத வேண்டிய இடத்தில் எல்லாம் ‘பல்லிக்குச் சென்றேன்’ என்று இருந்தது. ஒரு கட்டுரையில் அல்ல, தொடர்ந்து ஐந்து கட்டுரைகளில். அவற்றில் மூன்று, காரின் பின் இருக்கையில் கிடந்தவை. லகர ளகர வேறுபாடு அவன் காதில் விழவே இல்லை. ஐந்து வாரம் அதே பிழையை எழுதி எழுதிப் பழகியிருக்கிறான். எழுத்துக்கூட்டலை மட்டும் திருத்தாமல், இரண்டு ஒலிகளையும் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பழக்க வேண்டியிருந்தது.

இது ஏன் முக்கியம்? யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. நம் காலத்தில் ஆறாம் ஆண்டில் வெளியிலிருந்து ஒரு தேர்வுத்தாள் வந்து நம்மை அளந்தது. அது நல்ல அளவுகோலா என்பது வேறு விவாதம். இப்போது வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை அடைவுநிலையைத் தீர்மானிப்பது அந்த வகுப்பின் ஆசிரியர்தான். நான்காம் ஆண்டு முதல் ஆண்டிறுதித் தேர்வு ஒன்று இருந்தாலும், ஆண்டு முழுவதையும் சொல்லக்கூடியது ஆசிரியரின் பதிவு மட்டுமே. அதை ஆண்டு முடிவில் நினைவிலிருந்து நிரப்பினால், கெட்டிக்காரனும் சேட்டைக்காரனும் நினைவுக்கு வருவார்கள். அமைதியானவனுக்கு நடுவில் ஒரு 3 கிடைக்கும். அது மதிப்பீடு அல்ல, ஊகம்.

“இதெல்லாம் ஆசிரியர் தலையில் இன்னொரு சுமை” என்று சிலர் சொல்லலாம். அந்தக் கோபம் நியாயமானது. 2013இல் பொருளாதார ஒத்துழைப்பு மேம்பாட்டு அமைப்பு நடத்திய ஆசிரியர் ஆய்வின்படி, மலேசியாவின் கீழ்நிலை இடைநிலைப்பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்குச் சுமார் 45 மணி நேரம் வேலை செய்தனர். அதில் கற்பித்தது 17 மணி நேரம்தான். ஆய்வில் கலந்துகொண்ட நாடுகளின் சராசரி 38 மணி நேர வேலை, 19 மணி நேரக் கற்பித்தல். நம் ஆசிரியர்கள் அதிகம் உழைத்து, குறைவாகவே கற்பிக்க முடிந்திருக்கிறது. அதனால் பள்ளி நிர்வாகங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ‘பாடத்திட்டத்தை அனுப்பிவிட்டீர்களா?’ என்று புலனக் குழுவில் வரும் செய்தி, கோப்புக்கான நினைவூட்டல், பிள்ளைக்கானது அல்ல. ஓர் ஆசிரியருக்கு வாரத்தில் எத்தனை ஓய்வுப் பாடவேளை மிஞ்சுகிறது, எத்தனை புத்தகம் வருகிறது என்று நிர்வாகமே எண்ணிப் பார்க்கட்டும்.

அத்தையின் முறைக்கும் எல்லை உண்டு. விளையாட்டுப் போட்டி வாரத்தில் அது உடைந்துபோனது. 12 ஓய்வுப் பாடவேளை ஐந்தாகக் குறைந்தது. வகுப்புக்கு 40 பேர் உள்ள இடைநிலைப்பள்ளியில் ஒரு கட்டுரை வட்டத்துக்கே ஒரு வாரம் போதாது. அங்கே எண்கள் மாறும். கணக்குப் போட வேண்டிய தேவை மாறாது.

மாணவர்களாகிய நம் பங்கு சிறியது, ஆனால் உண்டு. புத்தகத்தை எழுதிய பக்கத்தில் திறந்து, பெயர்ப்பட்டியல் வரிசையில் அடுக்கிக் கொடுங்கள். பக்கம் தேடுவதிலும் பெயர் தேடுவதிலும் ஒரு புத்தகத்துக்கு அரை நிமிடம் போனாலும், 30 புத்தகத்துக்குக் கால் மணி நேரம். அது இரண்டு கட்டுரை திருத்தும் நேரம். புரியவில்லை என்றால் அன்றே சொல்லுங்கள், சிந்தனை மீட்சியில் உங்கள் பெயர் வரட்டும். என் போன்று வார இறுதியில் டியூஷன் எடுக்கும் பல்கலைக்கழக மாணவர்கள், ஆசிரியர் பயிற்சிக்குச் செல்லவிருப்பவர்கள், கைப்பேசியில் நினைவூட்டல் வைப்பதற்கு முன் ஒரு தாளில் இந்தக் கூட்டல் கழித்தலைப் போட்டுப் பாருங்கள்.

அத்தையின் பின் இருக்கை இன்னும் முழுதாகக் காலியாகவில்லை. போன வாரம் எண்ணியபோது 19 புத்தகம் இருந்தது. ஆனால் அந்த 19 யாருடையவை என்று இப்போது அவருக்குத் தெரியும்.