மகளின் நிகாஹுக்கு விடுப்பு: முதலாளியின் தயவா?

"வகாலத் கொடுத்துவிட்டால் நிகாஹ் நடந்துவிடுமே, நீங்கள் எதற்கு ஊருக்குப் போக வேண்டும்?" சவூதியில் பணிபுரியும் தந்தையர் மகளின் திருமணத்திற்கு விடுப்புக் கேட்கும்போது கேட்க நேரும் பதில்களில் இதுவும் ஒன்று. அதைக் கூறும் மேலாளர் சில வேளைகளில் நம்மவராகவே இருப்பதுதான் வேதனை.

மார்க்கச் சட்டப்படி அவர் சொல்வதில் பிழையில்லை. வலீயாகிய தந்தை வர இயலாதபோது வேறொருவரை வக்கீலாக நியமிக்கலாம். அந்த நிகாஹ் செல்லும். ஆயினும் அச்சலுகை வர இயலாத தந்தைக்கு உரியது. வர விடாத முதலாளிக்கு உரியதன்று. தந்தையின் சிரமத்தை நீக்க வந்த அனுமதியை, அவரைத் தடுக்கும் காரணமாகத் திருப்புவது எவ்வகை நியாயம்?

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்ப்போம். சொந்தத் திருமணத்தைப் பொறுத்தவரை ஐயத்திற்கே இடமில்லை. சவூதி தொழிலாளர் சட்டத்தின் 113ஆம் பிரிவு தொழிலாளிக்கு முழு ஊதியத்துடன் 5 நாட்கள் விடுப்பு அளிக்கிறது. ஆதார ஆவணம் கேட்க நிறுவனத்திற்கு உரிமை உண்டு. மறுக்க உரிமை இல்லை. இது ஆண்டு விடுப்பில் கழிக்கப்பட வேண்டியதும் அன்று. ஊருக்கு வந்து மணமுடித்துத் திரும்ப 5 நாட்கள் போதா என்பதால், அதனுடன் ஆண்டு விடுப்பையும் சேர்த்துக் கேட்பதே வழி.

மகன் அல்லது மகளின் திருமணத்திற்கோ அப்பிரிவு ஒரு நாளும் தரவில்லை. இதைச் சுட்டிக்காட்டித்தான் "பிள்ளை திருமணத்திற்கு விடுப்பு எங்கள் கொள்கையில் இல்லை" என்கிறார்கள். தனி விடுப்பு இல்லை என்பது உண்மை. ஆனால் அந்தத் தந்தை கேட்பது தனி விடுப்பை அன்று. தாம் உழைத்துச் சேர்த்த ஆண்டு விடுப்பை. அது ஆண்டுக்குக் குறைந்தது 21 நாட்கள். ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 5 ஆண்டுகள் பணியாற்றியவருக்கு 30 நாட்கள். பணியின் தேவைக்கேற்ப அதன் தேதியை நிர்ணயிக்க முதலாளிக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்திற்கு எல்லையும் உண்டு. பலர் அறியாதது அந்த எல்லையைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் செப்டம்பர் 1 அன்று பணியில் சேர்ந்தவர். ஆகஸ்டு 31உடன் முடிந்த ஆண்டின் விடுப்பு அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. மகளின் நிகாஹ் டிசம்பர் 15. மேலாளரோ, "வேலை மிகுதி, மார்ச்சில் போங்கள்" என்கிறார். 110ஆம் பிரிவின்படி, ஆண்டு முடிந்தபின் பணிச்சூழலைக் காரணம் காட்டி முதலாளி தாமாக ஒத்திவைக்கக்கூடியது 90 நாட்கள் மட்டுமே. அது நவம்பர் 29 அன்று முடிகிறது. அதற்கு மேலும் ஒத்திவைக்கத் தொழிலாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். எனவே "மார்ச்" என்பது நிறுவனக் கொள்கையன்று, சட்டமீறல்.

இங்கேதான் நம் சகோதரர்கள் இடறுகிறார்கள். அரபியில் அச்சிட்ட தாள்களை நீட்டி "இது வழக்கமான படிவம்" என்றால், வாசிக்காமல் கையொப்பமிட்டு விடுகிறோம். அவற்றுள் ஒன்று விடுப்பை ஒத்திவைக்கும் ஒப்புதலாக இருந்தால், சட்டம் தந்த பாதுகாப்பை நாமே கைவிட்டவர்களாகிறோம். அரபி வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டாமல் எந்தத் தாளிலும் கையொப்பமிட வேண்டாம்.

முதலாளியின் பக்கமும் நியாயம் இருக்கக்கூடும். நான்கு பேர் பணிபுரியும் கடையில் இருவர் ரமளானில் ஒன்றாக ஊருக்குப் போக முடியாது. நடப்பாண்டின் விடுப்பு என்றால் அதன் தேதியைச் சொல்லும் உரிமை அவருக்கே. ஆகவே பத்திரிகை அச்சிட்டுவிட்டு விடுப்புக் கேட்பதை நம் குடும்பங்கள் விட்டுவிட வேண்டும். சம்பந்தம் பேசி முடிந்தவுடன், தேதி குறிப்பதற்கு முன், எழுத்து மூலம் கேட்டுப் பதிலையும் எழுத்தில் பெற வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரும் "இந்தத் தேதிதான்" என்று பிடிவாதம் பிடிக்காமல் அந்தப் பதிலுக்குக் காத்திருக்கலாம். (மண்டபம் கிடைக்க ஆறு மாதம் காத்திருக்கும் நாம், பெண்ணின் தந்தை வந்துசேர ஒரு மாதம் காத்திருக்க மாட்டோமா?)

வீட்டு ஓட்டுநர்களும் வீட்டுப் பணியாளர்களும் இச்சட்டத்திற்குள் வருவதில்லை. அவர்களுக்கெனத் தனி விதிமுறை உண்டு. மேற்கூறிய பிரிவுகளைக் காட்டி அவர்கள் வாதாட இயலாது; ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

இனி, நம்மிடையே கடையும் நிறுவனமும் நடத்தும் சகோதரர்களிடம் ஒரு கேள்வி. உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு அல்-மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனம் கட்டளையிடுகிறது. ஒப்பந்தத்தில் 21 நாட்கள் என எழுதிக் கையொப்பமிட்டது நீங்களும்தான். உங்கள் மகளின் நிகாஹ் மஜ்லிஸில் வலீயின் இடத்தில் நீங்கள் அமர்ந்திருந்தீர்கள். உங்களிடம் ஊழியம் செய்பவர் மட்டும் ஏன் தொலைபேசித் திரையில் அதைப் பார்க்க வேண்டும்?