வளையத்தை எண்ணி என்ன பயன்?

ஆலங்கட்டியைக் குறுக்கே அறுத்தால் வெள்ளை வளையமும் கண்ணாடி வளையமும் மாறி மாறித் தெரியும். மேகத்துக்குள் அது லிஃப்டில் போவதுபோல ஏறி இறங்கிய தடவைகளே இவை என்ற வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. வளையத்தை எண்ணினால் பயணத்தை எண்ணிவிடலாமாம்!

முடியாது. வளையத்தைத் தீர்மானிப்பது திசையல்ல, உறையும் வேகம். பூஜ்ஜியத்துக்குக் கீழும் உறையாத நீர்த்துளிகள் கட்டியில் வந்து மோதுகின்றன. குளிர் கடுமையாக, துளிகள் குறைவாக இருந்தால் பட்டதும் உறையும். காற்றுக்குமிழ்கள் சிக்கி வெள்ளையாகும். துளிகள் குவிந்தால், உறையும்போது வெளிப்படும் வெப்பம் மேற்பரப்பைப் பூஜ்ஜியத்திலேயே நிறுத்தும். நீர் பரவி மெல்ல உறைவதால் குமிழ்கள் தப்பிவிடும். அதுதான் கண்ணாடி அடுக்கு. மேலெழும் காற்றின் ஓரத்திலிருந்து ஈரம் மிகுந்த நடுப்பகுதியைக் கடக்கும் ஒரே பயணத்தில் இரண்டும் நேரலாம்.

கோல்ஃப் பந்தளவுக் கட்டியைத் தாங்க, காற்று மணிக்குச் சுமார் 90 கி.மீ. வேகத்தில் மேலெழ வேண்டும். ஆலங்கட்டி உயிரையும் பறிக்கும்: 1888 ஏப்ரல் 30 அன்று மொராதாபாத் பகுதியில் 246 பேரைக் கொன்றது ஆலங்கட்டி மழை.

அப்படியிருக்க, சென்னையில் ஆலங்கட்டி ஏன் அபூர்வம்? இடிமேகத்துக்குப் பஞ்சமில்லை. கோடையில் சென்னைக்கு மேல் உறைநிலை ஏறத்தாழ 5 கி.மீ. உயரத்தில் இருப்பதால், சிறிய கட்டிகள் வரும் வழியிலேயே உருகி மழையாகிவிடுகின்றன.