பில்டரைத் திட்டாதீர்கள், சொட்டுநீரைப் பிடுங்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள் தோட்டம் வைத்திருப்பவருக்கு அனுப்பி வையுங்கள்.

“சொட்டுநீர் எல்லாம் நம்ம ஊர் உப்புத் தண்ணிக்குச் சரிப்படாது சார், ரெண்டே வருஷத்துல அடைச்சுக்குது” என்ற பேச்சை ரஞ்சன்குடியிலும் சுற்றுப்பட்டிலும் தினம் கேட்கிறேன். சொல்வதோடு நிற்பதில்லை. குழாயைச் சுருட்டி வரப்பில் போட்டுவிட்டு மறுபடியும் வாய்க்காலில் தண்ணீர் விடுகிறார்கள். சித்திரை, வைகாசியில் ஒரு மணி நேரம் ஓடினால் மூச்சு வாங்குகிற போரை வைத்துக்கொண்டு வாய்க்கால் பாசனம்! சிறு, குறு விவசாயிக்கு அரசு நூறு சதவீத மானியத்தில் கொடுத்த குழாய் ஆடு கட்டும் கயிறாகப் போவதைப் பார்த்தபின் பேசாமல் இருக்க முடியவில்லை.

அடைப்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எதனால் அடைக்கிறது என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்வதுதான் தவறு. அதைவிடப் பெரிய தவறு, “இன்னும் நல்ல பில்டர் போட்டா சரியாயிடும்” என்று சொல்லி விற்பவர்களுடையது.

என்னிடம் படித்தவர்களுக்குக் கடினநீர் பாடம் நினைவிருக்கும். தற்காலிகக் கடினத்தன்மை என்றால் கால்சியம் பைகார்பனேட் தண்ணீரில் கரைந்திருப்பது. காய்ச்சினால் கரியமில வாயு வெளியேறிவிடும், சுண்ணாம்பு வெள்ளையாகப் படியும். உங்கள் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் இருக்கிறதே, அதேதான். நம் கரிசலுக்குக் கீழே சுக்கான்கல். கிழக்கே அரியலூர்ப் பக்கம் போனால் சிமெண்டு ஆலைகளே நடக்கிற அளவுக்குச் சுண்ணாம்புக்கல். ஒரு காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் கடல். சாத்தனூர் கல்மரத்தைச் சுற்றுலாவில் பார்த்தீர்களே, அந்தக் காலத்துக் கதை. இந்த மண்ணையும் பாறையையும் தொட்டு வரும் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லாமல் இருந்தால்தான் அதிசயம்.

இப்போது பில்டருக்கு வருவோம். வழக்கமான 120 மெஷ் வடிகட்டியின் கண் ஏறக்குறைய 130 மைக்ரான். மணல், தூசி, பாசித் துணுக்கை அது பிடிக்கும். கரைந்திருக்கும் கால்சியம் அந்தக் கண்ணைவிட லட்சம் மடங்குக்கும் மேல் சிறியது. டீயை வடிகட்டினால் சக்கை நிற்கும், சர்க்கரை நிற்குமா? எத்தனை ஆயிரம் கொடுத்து எந்த பில்டர் வாங்கினாலும் சர்க்கரை நிற்காது.

அதற்காக பில்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மணல் தள்ளுகிற போருக்கு மணல் பிரிப்பான் வேண்டும். திறந்த கிணறோ தொட்டியோ என்றால் பாசிக்கு மணல் வடிகட்டி வேண்டும். இரண்டுக்கும் பின்னால் ஒரு தட்டு வடிகட்டி வேண்டும். பில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தமானிகளில் வித்தியாசம் அரை கிலோவைத் தொட்டால் கழற்றிக் கழுவ வேண்டும். அதன் வேலை அதோடு முடிந்தது. சுண்ணாம்பு அதைத் தாண்டி வந்து, வெயிலில் சூடேறிய கறுப்புக் குழாய்க்குள்ளும், மோட்டாரை நிறுத்தியபின் டிரிப்பர் வாயில் காய்கிற கடைசிச் சொட்டிலும் படிகிறது.

உங்கள் தோட்டத்தில் எந்த அடைப்பு என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். மண் அடைப்பு என்றால் பெரும்பாலும் வரிசையின் கடைக்கோடி முதலில் காயும். சுண்ணாம்பு என்றால் எல்லா டிரிப்பரும் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இளைக்கும். சந்தேகம் தீர ஒரு டிரிப்பரை அறுத்துப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் பொருக்கு இருந்து, அதில் ஒரு சொட்டு ஆசிட் விட்டால் நுரைத்துப் பொங்கினால் அது சுண்ணாம்பு. பழுப்பாக வழவழப்பாக இருந்தால் பாசி, நுண்ணுயிர். அதற்கு வைத்தியமே வேறு.

சுண்ணாம்புக்கு வைத்தியம் அமிலம். என் அக்கா மகன் தோட்டத்தில் செய்ததை அப்படியே சொல்கிறேன்.

இருபதுக்கு இருபது மீட்டர், ஏறக்குறைய பத்து சென்ட். கத்திரி, மிளகாய், வெண்டை. நாலு அடிக்கு ஒரு வரிசையாக 16 வரிசை. மணிக்கு 4 லிட்டர் விடும் டிரிப்பர், அரை மீட்டருக்கு ஒன்று. வரிசைக்கு 40, மொத்தம் 640. மூன்று நிமிடத்தில் ஒரு டிரிப்பர் 200 மில்லி விட வேண்டும். முதல், நடு, கடைசி வரிசைகளில் டம்ளர் வைத்துப் பிடித்தோம். 120, 140 என்றுதான் வந்தது. அதாவது செடிக்கு மூன்றில் இரண்டு பங்குத் தண்ணீர்தான் போகிறது. அவன் என்னவோ விதை சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

முதலில் அளவு. ஒரு பிளாஸ்டிக் வாளியில் அந்தப் போர்த் தண்ணீர் 10 லிட்டர் எடுத்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊசிக்குழாயால் ஒவ்வொரு மில்லியாக விட்டுக் கலக்கி, பி.எச். தாளில் பார்த்தோம். 6 மில்லியில் பி.எச். 4 வந்தது. இந்த 6 அவன் தண்ணீருக்கு. உங்கள் தண்ணீருக்கு 4 ஆகலாம், 9 ஆகலாம்; பக்கத்துத் தோட்டத்து அளவை வாங்கி ஊற்றாதீர்கள். கழிவறை கழுவ விற்கும் வாசனை, சாயம் கலந்த ஆசிட்டும் வேண்டாம். ரசாயனக் கடையில் வாங்குங்கள்.

பிறகு கணக்கு. 640 டிரிப்பர் மணிக்கு 2,560 லிட்டர், கால் மணிக்கு 640 லிட்டர். பத்து லிட்டருக்கு 6 மில்லி என்றால் 640 லிட்டருக்கு 384 மில்லி அமிலம். அவனுடைய வென்சுரி கால் மணியில் 15 லிட்டர் உறிஞ்சுகிறது. ஆகவே ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் 15 லிட்டர் தண்ணீர் பிடித்து, அதில் அந்த 384 மில்லியை மெதுவாக ஊற்றினோம். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் இருக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு, விஷம். இரும்பு பில்டர் உள்ளவர்கள் அதைத் தாண்டிய இடத்தில் செலுத்துங்கள்.

மாலையில் ஓட்டினோம். கடைசி வரிசையின் கடைசி டிரிப்பரில் தாளை நனைத்துப் பார்த்தோம், பி.எச். 4. டிரம் காலியாகும் நேரத்தில் மோட்டாரை நிறுத்தி, 24 மணி நேரம் அப்படியே விட்டோம். மறுநாள் பக்கக் குழாய்களின் கடைசி மூடிகளைத் திறந்து நான்கைந்து வரிசையாகக் கழுவி விட்டபோது கஞ்சித் தண்ணீர் மாதிரி வந்தது. மறுபடி டம்ளர் வைத்தோம். 180, 190.

எல்லாம் பிழைத்துவிடவில்லை. இருபத்து சொச்சம் டிரிப்பர்கள் ஒரு சொட்டும் விடவில்லை. முழுக்க அடைத்துக்கொண்டால் அமிலம் உள்ளே நுழையவே வழியில்லையே. அங்கெல்லாம் குழாயில் பக்கத்திலேயே துளையிட்டுப் புது டிரிப்பர் செருகினோம். இதனால்தான், டம்ளரில் 200க்கு 170க்குக் கீழே வந்தவுடனேயே அமிலம் விடுங்கள் என்கிறேன். ஊக்கை எடுத்துக் குத்துவதும், ஆணியைப் பழுக்கக் காய்ச்சி ஓட்டை போடுவதும் வைத்தியமல்ல. முதல் பத்து ஓட்டை தண்ணீரையெல்லாம் குடித்துவிடும், வரிசைக் கடைசி காயும்.

இடைவெளியிலும் ஏமாறுகிறோம். எல்லா மண்ணுக்கும் ஒரே அடியாக 30 சென்டிமீட்டருக்கு ஒன்று, மணிக்கு 2 லிட்டர் என்று கட்டிவிடுகிறார்கள். அதே தோட்டத்தில் அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட டிரிப்பர். அடைவதற்கு அத்தனை வாய்கள்! பொதுவாக 2 லிட்டர் டிரிப்பரின் தடம் 4 லிட்டருடையதைவிடக் குறுகல், கடினநீரில் சீக்கிரம் போய்விடும். கரிசலில் தண்ணீர் பக்கவாட்டில் நன்றாகப் பரவும். ஒரு டிரிப்பரை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, மறுநாள் மம்பட்டியால் குறுக்கே வெட்டி, ஒரு சாண் ஆழத்தில் ஈரத்தின் அகலத்தை அளந்து பாருங்கள். அக்கா மகன் தோட்டத்தில் 62 சென்டிமீட்டர். அதில் ஐந்தில் நாலு பங்கு 50. அதுதான் இடைவெளி. செம்மண் சரளையில் இதே சோதனை 40க்கும் கீழே காட்டும், அங்கே நெருக்கித்தான் போட வேண்டும். நெருங்க நடும் சின்ன வெங்காயத்துக்கும் அப்படியே. அங்கே அமில வேலை அடிக்கடி இருக்கும் என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

இன்னொரு கூட்டம் உப்புப் போட்டு மென்மையாக்கும் எந்திரத்தை விற்கிறது. அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். வீட்டுத் துணி துவைக்க சரி. கரிசலில் விட்டால் மண் இறுகி, தண்ணீர் கீழே இறங்காது. டிரிப்பரைக் காப்பாற்றி மண்ணைக் கொல்லும் வேலை. குழாயில் கட்டும் காந்தத்தைப் பற்றி ஆய்வுகளே ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்கின்றன. அந்தக் காசில் பல ஆண்டுக்கு ஆசிட் வாங்கலாம்.

பகலில் மூன்று தடவை பத்து பத்து நிமிடம் ஓட்டுவதை விட்டுவிட்டு, விடியற்காலையில் ஒரே தடவையாக ஓட்டுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு சொட்டு காய்கிறது. குழாய் மேல் சருகோ சோகையோ மூடி வையுங்கள். சூப்பர் பாஸ்பேட்டைக் கரைத்துச் சொட்டுநீரில் விடவே விடாதீர்கள். கடினநீரோடு அது சேர்ந்தால் வரும் பொருக்கு, சுண்ணாம்பைவிடப் பிடிவாதமானது.

வாலிகண்டபுரம் வேளாண் அறிவியல் நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது, தண்ணீர்ப் பரிசோதனை பற்றி அங்கே கேளுங்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு 10 லிட்டர் கேனில் பிடித்து வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். பி.எச். தாளும் ஊசிக்குழாயும் என்னிடம் இருக்கின்றன. வரப்பில் சுருட்டிப் போட்ட குழாயிலிருந்து ஒரு டிரிப்பரையும் அறுத்து எடுத்து வாருங்கள்.