மண்புழு உரம் வேரைச் சுடாதுன்னு யார் சொன்னது?

"இயற்கை உரம்தானே, எவ்வளவு போட்டாலும் செடிக்கு ஒண்ணும் ஆகாது." மாடித்தோட்டக்காரங்க சொல்ற இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலிச்சுப்போச்சு. மண் பாதி, மண்புழு உரம் பாதின்னு கலக்கச் சொல்றதும் நடக்குது. உரம் விக்கிறவங்களுக்கு அது நல்ல யோசனைதான்.

எங்க கள்ளக்குறிச்சிப் பக்கம், கல்வராயன் மலையடிவாரத்துல, மரவள்ளிக்கு ஏக்கருக்கு 2 டன் மண்புழு உரம் போடுறவரைத் தாராளமான ஆளுன்னு சொல்வோம். கணக்குப் பார்த்தா அது சதுர அடிக்கு 50 கிராம்கூட வராது; ஒரு கைப்பிடி. நீள, அகல, உயரம் எல்லாம் ஒரு அடி இருக்கிற தொட்டியில பாதிக்குப் பாதி கலந்தா ஏழெட்டு கிலோ போகும். தொட்டியில வேர் ஓட இடம் கம்மி, ஊத்துற தண்ணியோட சத்தும் வெளியே போயிடும்; அதனால காட்டைவிடக் கூடுதலா வேணும்தான், ஒத்துக்கிறேன். அதுக்காக நூத்தைம்பது மடங்கா?

மண்புழு உரத்துலயும் கரையுற உப்புகள் இருக்கு. உப்பு போட்ட மாங்காய் தண்ணி விடுதே, அந்த மாதிரிதான். வேரைச் சுத்தி உப்பு ஏறினா, ஈரம் இருந்தும் வேரால உறிஞ்ச முடியாது. அமெரிக்காவுல ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்துல கிளைவ் எட்வர்ட்ஸ் குழு தொட்டிக் கலவையில இதைச் சோதிச்சப்போ, பெரும்பாலும் 10 முதல் 20 சதவீதம் கலந்த செடிகள்தான் நல்லா வந்துச்சு. ரொம்பக் கூட்டினப்போ வளர்ச்சி குறைஞ்சது.

அதனால ஒரே டப்பாவால அளங்க: செம்மண் 4, நல்லா அலசின தேங்காய் நார்த்தூள் 4, மண்புழு உரம் 2. நாத்துக்குன்னா உரம் 1 போதும். நார்த்தூளை அலசாம போட்டா அதுலயும் உப்பு வரும். தொழு உரமும் சேர்க்கிறதா இருந்தா அதையும் இந்த ரெண்டு டப்பாவுக்குள்ளேயே அடக்கணும். வாங்கின உரம் மழை பெஞ்ச மண்ணு மாதிரி மணக்கணும். மூக்கைத் துளைக்கிற நெடி அடிச்சாலோ, கையை உள்ள விட்டா சூடா இருந்தாலோ அது இன்னும் மக்கல. ரெண்டு மூணு வாரம் நிழல்ல ஆற விடுங்க.

கூடிப்போச்சுன்னு எப்படித் தெரியும்? மண்ணு ஈரமா இருக்கும், செடி மட்டும் மத்தியானத்துல துவளும். இலை நுனியும் ஓரமும் பழுப்பாக் காயும். மண்ணு மேலயும் தொட்டி விளிம்புலயும் வெள்ளையாப் படியும். மெதுவா வேரைப் பார்த்தா, வெள்ளையா இருக்க வேண்டிய நுனி பழுப்பாக் கருகியிருக்கும். வேர் கொழகொழன்னு நாறினா அது வேற கதை, தண்ணி தேங்கின அழுகல்.

இங்கதான் நம்ம ஆளுங்க, செடி வாடுது, சத்து பத்தலன்னு இன்னும் ரெண்டு கை உரத்தை அள்ளிப் போடுறாங்க! அதைச் செய்யாதீங்க. தொட்டியின் அடி ஓட்டையைத் திறந்துவிட்டு, அந்தத் தொட்டி கொள்ளளவுக்கு ரெண்டு மடங்கு நல்ல தண்ணியை மெதுவா ஊத்தி வடிய விடுங்க. கீழ் தட்டுல தேங்கினதைக் கொட்டிடுங்க. அப்புறம் ஒரு மாசத்துக்கு எந்த உரமும் வேண்டாம். கருகின இலை பச்சையாகாது. புதுசா வர்ற துளிர் சுத்தமா வந்தா செடி தேறிடுச்சு. அதுவும் கருகினா, செடியை எடுத்து உரமே இல்லாத கலவைக்கு மாத்திடுங்க.