டிவியின் அகலத்தை யாரும் அளப்பதில்லை

32 அங்குல டிவியைக் கொடுத்துவிட்டு 43 அங்குலம் வாங்கிய வாரமே மச்சான் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "பெரிய டிவி, பெரிய வயிறு. ஒன்னோட ரெண்டு ஜிபி பேக் இதுக்குப் பத்தாது மாப்ள." வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது. போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு டிவியில் படம் பார்க்கிற குடும்பம் எங்களுடையது. முதல் நாளே இடைவேளை வருவதற்குள் படம் சுற்ற ஆரம்பித்ததால், அவர் சொன்னது வேதவாக்காகிவிட்டது. மச்சான் மட்டுமல்ல, ரீசார்ஜ் கடையிலும் இதையேதான் சொல்கிறார்கள்.

டேட்டா தீர்ந்தது உண்மை. அதற்குச் சொல்லும் காரணம்தான் தப்பு.

படத்தை அனுப்பும் சர்வருக்கு நம் டிவி எத்தனை அங்குலம் என்பதில் அக்கறை இல்லை. ஒரே படத்தை அது பல தரங்களில் வெட்டித் தயாராக வைத்திருக்கிறது: 360p, 480p, 720p, 1080p, சிலவற்றுக்கு 4K. எந்தத் தரத்தைக் கேட்கிறோமோ அந்தத் துண்டுகள் வருகின்றன. 480p துண்டை ஆறு அங்குலப் போனில் விரித்தாலும் 43 அங்குலச் சட்டத்தில் விரித்தாலும் அதே துண்டுதான். ஒரு குடம் தண்ணீரை அண்டாவில் ஊற்றினால் இரண்டு குடம் ஆகிவிடாது. 4K டிவியால் 4K தரத்தைக் கேட்க முடியும், பழைய டிவியால் முடியாது என்ற அளவில் மட்டுமே டிவிக்கு இதில் பங்கு உண்டு. அதுவும் அகலத்தால் வருவதல்ல.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். நெட்ஃபிளிக்ஸ் தன் தரங்களுக்கு மணிக்கு எவ்வளவு டேட்டா ஆகும் என்று தானே சொல்கிறது. `Low` வைத்தால் 0.3 ஜிபி, `Medium` வைத்தால் 0.7 ஜிபி. `High` வைத்து எச்டியில் ஓடினால் 3 ஜிபி வரை, 4K என்றால் 7 ஜிபி வரை போகும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் ஒன்றை இதில் பொருத்துங்கள். `Medium`-இல் 1.75 ஜிபி, ஒரு நாள் பேக்குக்குள் படம் முடிந்து கொஞ்சம் மிச்சமும் இருக்கும். எச்டியில் 7.5 ஜிபி, நம் 2 ஜிபி நாற்பதாவது நிமிடத்தில் காலி. அதற்குப் பிறகு நெட் அறவே நிற்பதில்லை, பல பேக்குகளில் 64 கேபிபிஎஸ் வேகத்துக்கு இறங்கிவிடும். `Medium` தரத்துக்கே அதைப்போல இருபது மடங்குக்கு மேல் வேகம் வேண்டும். அதனால்தான் படம் சுற்றுகிறது. எங்கள் வீட்டு முதல் நாள் கதை இதுதான்.

"அப்படின்னா போன்ல பாத்தப்ப மட்டும் ஏன் தீரல?" என்று மச்சான் மடக்கினார். நியாயமான கேள்வி. பெரிய டிவி என்ற நம்பிக்கை வேர்விட்டதே இந்த இடத்தில்தான்.

போனில் இருக்கும் செயலிக்கு, தான் மொபைல் டேட்டாவில் ஓடுவது தெரியும். யூடியூபில் மொபைல் நெட்டுக்குத் தனியாக, வைஃபைக்குத் தனியாகத் தரம் வைக்கலாம். நாம் `Data saver` என்று எப்போதோ வைத்துவிட்டு மறந்திருப்போம், அது சத்தமில்லாமல் மிச்சம் பிடித்துக்கொண்டிருக்கும். அதே போனை ஹாட்ஸ்பாட் ஆக்கினால், டிவியின் கண்ணுக்குத் தெரிவது ஒரு வைஃபை. டிவிச் செயலிகள் வைஃபை என்றால் வீட்டு பிராட்பேண்ட் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்கின்றன. `Auto` தரம் வேகத்தைப் பார்க்கும், பேக்கைப் பார்க்காது. மொட்டை மாடியில் டவர் நன்றாகக் கிடைத்தால் 1080p-க்கு ஏறிவிடும். நல்ல சிக்னல் இருந்த அன்றைக்குத்தான் டேட்டா சீக்கிரம் போகும் என்பது விசித்திரமாகத் தோன்றினாலும் காரணம் இதுவே.

காஸ்ட் செய்வதும் இதே கதைதான். போனில் வீடியோவைத் தொட்டு டிவிக்கு அனுப்பினால், போன் அந்த வீடியோவின் முகவரியை மட்டும் கைமாற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. படத்தை டிவியே நேராக இழுக்கிறது. போனில் வைத்த சிக்கனம் அங்கே செல்லாது. போன் திரையை அப்படியே டிவியில் பிரதிபலித்தால் மட்டும் இழுப்பது போன், அதன் செட்டிங் செல்லும். ஆனால் அந்த முறையில் சில கட்டணச் செயலிகள் கறுப்புத் திரையைத்தான் காட்டும்.

அடுத்த குற்றச்சாட்டு ஹாட்ஸ்பாட் மேல். வாங்கும்போது ஒருமுறை, கொடுக்கும்போது ஒருமுறை என்று டேட்டா இரட்டிப்பாகப் போகுமாம். டவருக்கும் போனுக்கும் நடுவில் போவதை மட்டுமே கம்பெனி எண்ணுகிறது. போனிலிருந்து டிவிக்குப் போகும் வைஃபை நம் வீட்டுக் காற்று; அதற்கு மீட்டர் கிடையாது. அது தின்பது பேட்டரியை. சந்தேகம் இருந்தால் போன் செட்டிங்ஸில் டேட்டா பயன்பாட்டுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஆண்ட்ராய்டில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரி உண்டு, ஐபோனில் `Personal Hotspot` என்று இருக்கும். படம் தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும். எண் எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஏறியிருந்தால் வேறொரு திருடனைத் தேடலாம்: முகப்புத் திரையில் தானாக ஓடும் டிரெய்லர்கள், வைஃபை கிடைத்த சந்தோஷத்தில் டிவி இறக்கிக்கொள்ளும் அப்டேட்டுகள். டிவி செட்டிங்ஸில் தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வைப்பது நல்லது.

தரத்தைக் குறைத்தால் பெரிய டிவியில் பார்க்கவே முடியாது என்பது கடைசி வாதம். இதில் பாதி சரி. நல்ல பார்வை உள்ள கண், எட்டடித் தொலைவில் முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளி வரை பிரித்தறியும். 32 அங்குல டிவியின் உயரத்தில் அப்படி 560 வரிகள் அடங்கும். எங்கள் 43 அங்குலத்தில் சுமார் 750, 55 அங்குலத்தில் 960-க்குச் சற்று மேல். ஆக 32-க்கு எட்டடியிலிருந்து 720p-யே தாராளம். 43-க்கு 720p ஏறக்குறையச் சரி, 480p கொஞ்சம் மழுங்கல். 55-க்கு 1080p கேட்பதில் நியாயம் உண்டு. அதே எட்டடியில் 4K-வின் நுணுக்கங்களில் பெரும்பகுதி கண்ணுக்கே எட்டாது. குடும்பப் படமும் சீரியலும் 480p-யில் ஓடட்டும். கிரிக்கெட்டுக்கு அது ஆகாது. பந்து கரைந்துபோகும், ஸ்கோர் எழுத்து கசியும். ஆட்டத்தில் அசைவும் அதிகம் என்பதால், ஒரே தரத்திலும் பேட்டி நிகழ்ச்சியைவிட அது கூடுதலாகவே டேட்டா கேட்கும்.

மாற்றுவது எங்கே என்றால், நெட்ஃபிளிக்ஸில் கணக்குப் பக்கத்தை பிரவுசரில் திறந்து, நம் புரொஃபைலின் `Playback settings`-இல் `Medium` வைக்கவேண்டும். டிவிக்கும் அது பொருந்தும். டிவி யூடியூபில் வீடியோ ஓடும்போது பல்சக்கரத்தைத் தொட்டு 480p-யோ 720p-யோ தேர்ந்தெடுக்கலாம். அடுத்த வீடியோவில் அது `Auto`-வுக்குத் திரும்பிவிட்டதா என்று ஒரு கண் வைத்திருங்கள். அதே இடத்தில் `Stats for nerds` என்பதைத் திறந்தால் இப்போது எந்தத் தரம் ஓடுகிறது என்று எழுத்திலேயே தெரியும்.

மச்சான் சமாதானமாகவில்லை. தினப் பேக் நள்ளிரவில் புதுப்பிக்கப்படுவதால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார்: பன்னிரண்டுக்கு நாற்பது நிமிடம் முன்னால் எச்டியில் படத்தைப் போடுவது, பழைய 2 ஜிபி தீரும்போது புது 2 ஜிபி வந்துவிடும். வந்தது. 12.40-க்கு அதுவும் தீர்ந்து, வில்லன் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டான். மறுநாள் பொழுது முழுக்க எங்கள் நெட் ஊர்ந்துகொண்டுதான் இருந்தது.