ஊசி எங்கே? உண்மை எங்கே?

ஊசி போட்டு ஊத வைக்கிறார்களாம் கோழியை! ஹார்மோன் ஏற்றிய கறியாம்; தின்றால் பெண் குழந்தைகள் முன்கூட்டியே பூப்பெய்துவார்களாம்! திண்ணையிலே பேச்சு, தெருவிலே பேச்சு. ஊசி போட்டதைக் கண்டவர் யார் என்று கேட்டால் மட்டும் பேச்சில்லை.

கணக்குப் பாருங்கள் தோழர்களே! வளர்ச்சி ஹார்மோன் என்பது ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் பருப்பைப் போலக் குடலிலே செரித்துவிடும். ஊசிதான் வழியென்றால் ஒருமுறை போட்டால் போதாது. மீண்டும் மீண்டும் போடவேண்டும். பத்தாயிரம் கோழியுள்ள கொட்டகையிலே ஒவ்வொன்றாய்ப் பிடித்துக் குத்துகிற கூலி, கறி விற்ற காசையே விழுங்கிவிடுமே!

அப்படியானால் நாற்பது நாளில் இரண்டு கிலோ எப்படி? கனடா நாட்டு ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார், 1957-ஆம் ஆண்டுக் கோழியினத்தை அன்றிருந்தபடியே காத்து வைத்திருந்தார்கள். அதையும் 2005-ஆம் ஆண்டு இனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தார்கள். ஒரே தீவனம். 56-ஆம் நாள் தராசில் வைத்தார்கள். பழைய இனம் 905 கிராம். புதிய இனம் 4,202 கிராம்! 2014-இல் வெளிவந்த ஆய்வு இது. விரைந்து வளரும் சேவலையும் பெட்டையையும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிச் சேர்த்ததன் விளைவு. ஊசியின் வேலையல்ல.

ஹார்மோன் அச்சம் பொய். ஆனால் அந்தப் பொய்யின் நிழலில் ஒரு மெய் ஒளிந்துகொண்டிருக்கிறது: ஆன்டிபயாட்டிக்.

ஒரு கோழி சோர்ந்தால் கொட்டகை முழுவதற்கும் தண்ணீரிலே மருந்து. நோயே இல்லாதபோதும், எடை கூடட்டும் என்று தீவனத்திலே சிறிதளவு. கறிக்கு அனுப்புவதற்குச் சில நாள் முன்பே நிறுத்தவேண்டும் என்பது விதி. நிறுத்தாவிட்டால் மருந்து கறியிலே தங்கும். 2014-இல் டில்லி வட்டாரத்தில் 70 மாதிரிகளைச் சோதித்தபோது நூற்றுக்கு 40-இல் எச்சம் இருந்தது.

எச்சத்தின் அளவு மிகச் சிறிது. அதைவிடப் பெரிய கேடு, மருந்துக்குச் சாகாத கிருமி. குறைந்த அளவு மருந்திலே பலவீனமான கிருமி மடியும், முரடன் பிழைப்பான், பெருகுவான். கோலிஸ்டின் மருந்து, வேறெதுவும் கேட்காத நோயாளிக்கு மருத்துவர் கடைசியாக எடுப்பது. அதையே கோழிக்கும் ஊட்டினார்கள்! அதை வெல்லும் மரபணு கிருமிக்குக் கிருமி தாவுவதை 2015-இல் சீனாவிலே கண்டார்கள். உணவுக்கான உயிரினங்களுக்கு அம்மருந்தை இந்திய அரசு 2019-இல் தடை செய்தது. தடை தாளிலே, கொட்டகையிலே யார் பார்ப்பது? பண்ணைக் கோழி மிகுந்த பல்லடம் நம் மாநிலத்தில்தானே இருக்கிறது!

கறியை விட்டுவிடலாமா? தேவையில்லை. உலக நல நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2015-இல் குற்றஞ்சாட்டியது சிவப்பு இறைச்சியையும், பதப்படுத்திய இறைச்சியையும். வீட்டிலே குழம்பு வைக்கும் கோழி அதில் சேரவில்லை. ஆனால் கோழிக்கறியிலே செய்த சாசேஜ் பதப்படுத்தியதுதான்.

கொதிக்கும் குழம்பு கிருமியைக் கொல்லும், எத்தனை முரடனானாலும். மருந்தின் எச்சத்தை முழுதும் அழிக்கும் என்று நம்பமுடியாது. அதைத் தடுக்கவேண்டிய இடம் பண்ணை. அடுக்களையிலே ஆபத்து, பச்சைக் கறியைக் குழாயடியில் அலசித் தெறிக்கவிடுவதிலும், அதே கத்தியால் வெங்காயம் நறுக்குவதிலும் இருக்கிறது.