மூலம் கிடைத்தவுடன் சமன்பாட்டைச் சுருக்கலாமா?

எதிர்வீட்டுப் பையன் இன்ஜினியரிங் படிக்கிறான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்புடன் வந்து, "அங்கிள், புரோகிராம் எரர் இல்லாம ஓடுது. ஆனா விடை தப்புன்னு சார் சொல்றார். எங்க தப்புன்னு தெரியல" என்றான். சி மொழியில் எழுதிய நல்ல, சுத்தமான புரோகிராம். கொடுத்த சமன்பாட்டின் எல்லா மூலங்களையும் கண்டுபிடிக்க வேண்டும். நானும் கல்லூரி நாட்களில் இதே புரோகிராமை, இதே தவறோடு எழுதியிருக்கிறேன். அதனால்தான் இதைப் பற்றி எழுதத் தோன்றியது.

அவனுக்குக் கொடுத்திருந்த சமன்பாடு இது:

x³ − 101.01x² + 101.01x − 1 = 0

இதன் மூலங்கள் 100, 1, 0.01. பெருக்கிப் பார்த்தால் சரியாக வரும். பையனின் புரோகிராம் கொடுத்த விடையோ 100.001, 0.886, 0.123. முதல் விடை ஏறக்குறைய சரி. இரண்டாவதில் பத்துக்கு ஒரு பங்குக்கு மேல் பிழை. மூன்றாவது, இருக்க வேண்டியதைப் போல பன்னிரண்டு மடங்கு.

அவன் செய்த முறையைப் பாடப்புத்தகங்கள் டிஃப்ளேஷன் என்கின்றன. முதலில் ஒரு மூலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அது r என்றால், சமன்பாட்டை (x − r) ஆல் வகுத்து, கிடைக்கும் ஈவை எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் படி இரண்டாம் படியாகக் குறைந்துவிடும். இரண்டாம் படிக்குத்தான் எல்லோருக்கும் ஃபார்முலா தெரியுமே! பள்ளியில் படித்த தொகுமுறை வகுத்தல்தான் இது. கேட்கவும் எளிது, எழுதவும் நான்கு வரி போதும்.

பையன் பெரிய எண்ணில் ஆரம்பித்துக் கீழே தேடி வந்தான். இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைத்து, 0.001 அளவு பிழை இருந்தால் பரவாயில்லை என்று நிறுத்தினான். 100 என்ற மூலத்துக்கு 100.001 கிடைத்தது. லட்சத்தில் ஒரு பங்கு பிழை. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இப்போது வகுத்தலைக் கையாலேயே செய்து பார்ப்போம், கால்குலேட்டர் போதும்.

முதல் கெழு 1. அடுத்தது −101.01 + 100.001 = −1.009. சரியான மூலத்தால் வகுத்திருந்தால் −1.01 வந்திருக்கும். வித்தியாசம் 0.001தான், ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. அடுத்த கெழு 101.01 + 100.001 × (−1.009) = 0.108991. இங்கே வந்திருக்க வேண்டியது 0.01. பதினோரு மடங்காகிவிட்டது!

என்ன நடந்தது? முந்தைய கெழுவில் இருந்த 0.001 பிழையை, அடுத்த படியில் நாமே 100 ஆல் பெருக்கிவிட்டோம். அது 0.1 ஆனது. அது போய்ச் சேர்ந்த இடத்தில் இருக்க வேண்டிய எண்ணோ வெறும் 0.01. பெரிய மூலத்தால் வகுக்கும்போது ஒவ்வொரு படியிலும் பிழை அந்தப் பெரிய எண்ணால் பெருகிக்கொண்டே போகும். வரிசையின் கடைசியில் உள்ள கெழுக்கள்தான் சின்ன மூலங்களைத் தாங்கி நிற்பவை. பெருகிய பிழை முழுதும் அவற்றின் தலையில் விழுகிறது.

மீதியையும் பாருங்கள். கடைசிப் படியில் −1 + 100.001 × 0.108991 = 9.899 மீதியாக வருகிறது. r சரியான மூலமாக இருந்தால் மீதி பூஜ்யமாக வேண்டும். பையன் இந்த எண்ணை அச்சிட்டுப் பார்க்கவே இல்லை, பாடப்புத்தகமும் பார்க்கச் சொல்லவில்லை. ஆனால் பார்த்திருந்தாலும் பயந்திருக்க மாட்டான். x = 100.001 என்ற இடத்தில் சமன்பாட்டின் உறுப்புகள் பத்து லட்சம் அளவில் இருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் 9.9 ஒரு தூசு. அதே 9.9 தான் பிறகு 0.123 என்ற இடத்துக்கும் வந்து நிற்கிறது. 0.123ஐ மூலச் சமன்பாட்டில் போட்டால் விடை 9.9. 0.886ஐப் போட்டாலும் அதே 9.9. தூக்கிப் போட்ட மீதி அப்படியே திரும்பி வருகிறது. 0.123 இருக்கும் இடத்தில் உறுப்புகளின் அளவே 12தான், அங்கே 9.9 என்பது மலை.

பையன் சரிபார்க்காமல் இல்லை. "0.123ஐப் போட்டுப் பார்த்தேன் அங்கிள், பூஜ்யம் வந்துச்சு" என்றான். எதில் போட்டாய் என்று கேட்டேன். சுருக்கிய இரண்டாம் படிச் சமன்பாட்டில்! அதில் பூஜ்யம் வராமல் என்ன செய்யும்? அதைத் தீர்த்துத்தானே அந்த எண்ணை எடுத்தான். கெட்டுப்போன சமன்பாட்டுக்கு மிகச் சரியான விடை அது. நானும் அந்தக் காலத்தில் இப்படித்தான் ஏமாந்தேன்.

சரி, நிறுத்தும் எல்லையை இன்னும் கடுமையாக்கினால் போதாதா? உதவும், ஆனால் முழுதாகத் தீராது. இந்தச் சமன்பாட்டில் முதல் மூலத்தின் ஒப்பீட்டுப் பிழை கடைசி மூலத்துக்குப் போகும்போது ஏறத்தாழ பத்து லட்சம் மடங்காகிறது. அதாவது ஆறு இலக்கங்கள் போய்விடும். `float` கையில் இருப்பது ஏழு இலக்கம், மிஞ்சுவது ஒன்றுதான். `double` என்றால் பதினைந்து பதினாறு இலக்கத்தில் ஒன்பது போல மிஞ்சும். திரையில் பதினைந்து இலக்கம் அச்சாகும்போது, அதில் எது உண்மை, எது குப்பை என்று பார்த்தவுடன் தெரியாது. படி கூடக் கூட, மூலங்களின் அளவு வித்தியாசம் கூடக் கூட, நஷ்டமும் கூடும்.

இப்போது அதே புரோகிராமில் ஒரே ஒரு மாற்றம் செய்வோம். சின்ன மூலத்தை முதலில் எடுப்போம். அதே லட்சத்தில் ஒரு பங்கு பிழை இருக்கட்டும், 0.01க்கு 0.0100001 கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். இதனால் வகுத்தால் கெழுக்கள் 1, −100.9999999, 99.9999899. மூலங்கள் 100.0000000, 0.9999999. பிழை 0.01 ஆல் பெருக்கப்படுவதால் போகப் போகத் தேய்கிறது. முறை அதே, பிழை அதே, வரிசை மட்டும் வேறு! பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஜி.பீட்டர்ஸும் ஜே.எச்.வில்கின்சனும் 1971ல் எழுதிய கட்டுரையிலேயே இதைத் தெளிவாக அலசிவிட்டார்கள். முன்னிருந்து வகுப்பதானால் அளவில் சிறிய மூலத்தில் ஆரம்பிக்க வேண்டும். பெரியதுதான் முதலில் கிடைத்தது என்றால், மாறிலி உறுப்பிலிருந்து ஆரம்பித்துப் பின்னிருந்து முன்னாக வகுக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு படியிலும் பெரிய எண்ணால் பெருக்குவதற்குப் பதில் வகுக்கிறோம். நம் 100.001ஐயே அப்படி வகுத்துப் பார்த்தேன். கெழுக்கள் 0.9999901, −1.0099899, 0.0099999 என்று வந்தன. மூன்றும் ஒரே விகிதத்தில் குறைந்திருப்பதால் மூலங்கள் கெடவில்லை. ஜென்கின்ஸ், டிராப் இருவரும் 1970களில் வெளியிட்ட பிரபலமான ரூட்டீன்களும் டிஃப்ளேஷன்தான் செய்கின்றன. அவை பெரும்பாலும் சின்ன மூலத்திலிருந்தே எடுத்து வருவதால் பிழைத்துக்கொள்கின்றன. ஆக, டிஃப்ளேஷன் குற்றவாளி அல்ல. வரிசையைச் சொல்லாமல் அதைச் சொல்லிக்கொடுப்பதுதான் என் புகார்.

கெட்ட விடையையும் காப்பாற்ற வழி உண்டு. சுருக்கிய சமன்பாட்டில் கிடைத்ததை விடையாக எடுக்காமல், ஒரு தொடக்கமாக மட்டும் வைத்து, மூலச் சமன்பாட்டில் நியூட்டன் முறையை ஓட்டுங்கள். 0.123 அடுத்த படியில் −0.0069, பிறகு 0.0097, பிறகு 0.0099999 என்று வந்து சேர்கிறது. இதில் ஒரு எச்சரிக்கை: தொடக்கம் மிகவும் கெட்டிருந்தால் இரண்டு தொடக்கங்கள் ஒரே மூலத்தில் போய் விழும், வேறொரு மூலம் காணாமல் போகும். எல்லாம் முடிந்ததும் மூலங்களின் கூட்டுத்தொகை இரண்டாவது கெழுவோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். இங்கே 101.01 வர வேண்டும்.

இத்தனை தொல்லை எதற்கு என்பவர்களுக்கு, வீட்டில் உட்கார்ந்து செய்பவர்களுக்கு, நான் சிபாரிசு செய்வது வேறு வழி. ஒவ்வொன்றாக எடுக்காமல் எல்லா மூலங்களையும் ஒரேயடியாக எடுப்பது. கெழுக்களின் குறியை மாற்றி, இப்படி ஒரு மேட்ரிக்ஸ் எழுதுங்கள்:

```
101.01  -101.01   1
1        0        0
0        1        0
```

இதற்குக் கம்பானியன் மேட்ரிக்ஸ் என்று பெயர். இதை x², x, 1 என்ற நிரலால் பெருக்குங்கள். முதல் வரிசை 101.01x² − 101.01x + 1 தரும். x ஒரு மூலமாக இருந்தால், சமன்பாட்டின்படி அதுதான் x³. மற்ற இரண்டு வரிசைகள் x², x தரும். அதாவது நிரல் முழுதும் x மடங்காகிவிட்டது. ஒரு மேட்ரிக்ஸ் ஒரு நிரலை இப்படி வெறுமனே மடங்காக்கினால், அந்த மடங்கு எண்ணுக்குத்தான் ஐகன் மதிப்பு என்று பெயர். ஆகவே மூலங்களும் ஐகன் மதிப்புகளும் ஒன்றே.

ஐகன் மதிப்புகளைக் கண்டுபிடிக்க, ஜே.ஜி.எஃப்.பிரான்சிஸ் 1961-62ல் வெளியிட்ட க்யூஆர் முறையின் வழிவந்த ரூட்டீன்கள் இன்று எல்லா இடத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை மேட்ரிக்ஸைத் திரும்பத் திரும்பச் சுழற்றுகின்றன. சுழற்சி நீளத்தை மாற்றாது, எனவே பிழையும் பெருகாது. பைத்தானில் மூன்றே வரி:

```
import numpy as np
p = [1, -101.01, 101.01, -1]
print(np.roots(p))
```

100, 1, 0.01 என்று வந்துவிடும், வித்தியாசம் இருந்தால் கடைசிச் சில இலக்கங்களில்தான். ஆக்டேவ் வைத்திருப்பவர்கள் `roots([1 -101.01 101.01 -1])` என்று அடித்தால் போதும், அதுவும் உள்ளே இதே வேலையைத்தான் செய்கிறது.

இதற்கும் எல்லை உண்டு. க்யூஆர் முறையில் பிழை மேட்ரிக்ஸின் அளவோடு ஒப்பிட்டுச் சிறியதாக இருக்கும், ஒவ்வொரு மூலத்தோடும் ஒப்பிட்டு அல்ல. மூலங்களுக்குள் அளவு வித்தியாசம் கோடிக் கணக்கில் இருந்தால், மிகச் சின்னதைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும், நியூட்டன் முறையில் ஒரு முறை தேய்த்துவிட வேண்டும். படி n என்றால் மேட்ரிக்ஸில் n² இடங்கள், வேலை n³ அளவில். இருபதாம் படிக்கு இது ஒரு நொடி வேலை கூட இல்லை.

எந்த முறையும் காப்பாற்ற முடியாத சமன்பாடுகளும் இருக்கின்றன. 1 முதல் 20 வரை முழு எண்களை மூலங்களாகக் கொண்ட வில்கின்சன் சமன்பாடு அப்படிப்பட்டது. அதில் x¹⁹ன் கெழு −210. அதை −210.0000001192 ஆக்கினால் போதும், பத்து மூலங்கள் கலப்பெண்களாகிவிடுகின்றன. அவற்றில் ஒரு ஜோடி 16.73 ± 2.81i. இங்கே குற்றம் முறையில் இல்லை, சமன்பாட்டிலேயே இருக்கிறது. உங்கள் சமன்பாடு இந்த வகையா என்று அறிய, ஒரு கெழுவின் ஏழாவது எட்டாவது இலக்கத்தை மாற்றி மறுபடி ஓட்டுங்கள். மூலங்கள் தாவினால், கெழுக்களை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பார்க்க வேண்டுமே தவிர, சாஃப்ட்வேரைத் திட்டிப் பயனில்லை.

நம் பையனின் சமன்பாடு அந்த வகை அல்ல. சின்ன மூலத்திலிருந்து தேடும்படி லூப்பைத் திருப்பிப் போட்டான், கடைசியில் மூலச் சமன்பாட்டில் நியூட்டன் முறையைச் சேர்த்தான், மீதியையும் அச்சிட வைத்தான். அடுத்த வாரம் வந்து, சார் ரெக்கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றான். வகுப்பில் மற்ற மூன்று பேருக்கும் அதே 0.123 தான் வந்திருந்ததாம்.